தக்கலை வீட்டுத் தரை டைல்ஸ் எஸ்டிமேட்

அக்கா,

சனிக்கிழமை வந்து டேப் வைத்து அளந்ததை அறை அறையாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். அண்ணனுக்கும் அனுப்பி வையுங்கள். கடையில் ஹாலுக்கும் ரூம்களுக்கும் 40 பெட்டி போதும் என்றார்கள், நான் 44 எழுதியிருக்கிறேன். ஏன் என்று அவர் கண்டிப்பாகக் கேட்பார், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடைக்காரர் போட்டது பரப்பளவுக் கணக்கு. ஹால் 16 அடிக்கு 11½ அடி, 184 சதுர அடி. டைனிங் 12 × 10 = 120, பெரிய பெட்ரூம் 12 × 11 = 132, சின்ன பெட்ரூம் 11 × 10 = 110. நான்கு கதவு நிலைக்கு அடியில் 9. மொத்தம் 555. சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 610½. ஒரு பெட்டியில் 4 டைல், 15.5 சதுர அடி. 39.4 பெட்டி வரும், அதை 40 ஆக்கினார். ஸ்கர்டிங்கை அவர் சேர்க்கவே இல்லை.

இன்னொன்று, 2 × 2 என்று நாம் சொல்லும் டைல் உண்மையில் 600 மில்லிமீட்டர். 2 அடிக்கு கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் குறைவு. 16 அடி ஹாலுக்கு 8 டைல் போட்டால் கடைசியில் இரண்டரை அங்குலம் மிஞ்சும். வாசலில் நுழைந்ததும் அந்த ஒல்லித் துண்டுதான் கண்ணில் படும். அதனால் நடுவில் 7 முழு டைல், இரண்டு ஓரத்திலும் 13 அங்குலத் துண்டு என்று பிரித்துப் போடுவோம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு வரிசைக்கு 9 டைல் வேண்டும், 6 வரிசைக்கு 54. வெட்டி மிஞ்சும் 12 துண்டுகளையும் நான் வீணாக்கமாட்டேன். ஒவ்வொன்றிலும் 4 அங்குல ஸ்கர்டிங் இரண்டு கிடைக்கும், 47 அடி அதிலேயே முடிந்துவிடும்.

ஹால், டைனிங், பெட்ரூம்கள் (வழுவழு விட்ரிஃபைடு, 2 × 2)
ஹால்: 54 டைல்
மற்ற அறைகளும் நிலையடியும்: 371 + 10% = 408 சதுர அடி, 106 டைல்
ஸ்கர்டிங்: கதவு இடம் கழித்து 157 அடி, ஹால் துண்டில் 47 போக 110 அடி, 12 டைல்
ஆக 172 டைல், சரியாக 43 பெட்டி. வீட்டில் எடுத்து வைக்க 1 பெட்டி. 44 × ₹899 = ₹39,556

அந்த ஒரு பெட்டியைத் தயவுசெய்து குறைக்காதீர்கள். நாளைக்கு பைப்புக்காகத் தரையை உடைக்க நேர்ந்தால் இதே ஷேடு கடையில் கிடைக்காது.

அடுக்களை (மேட், 2 × 2): 10 × 8 = 80, சேதாரத்தோடு 88 சதுர அடி, 23 டைல். மேடை இல்லாத பக்கம் 18 அடி ஸ்கர்டிங்குக்கு 2. 25 டைலுக்கு 6 பெட்டி போதாது, 7 பெட்டி. 7 × ₹806 = ₹5,642

பாத்ரூம் இரண்டு (வழுக்காத 1 × 1, பெட்டிக்கு 10): 40 + 31½ = 71½. தண்ணீர் வாட்டத்துக்கும் ஜாலி ஓரத்துக்கும் வெட்டு அதிகம், அதனால் 15%. 82.2 சதுர அடி, பெட்டிக்கு 9.69. ஆக 9 பெட்டி. 9 × ₹407 = ₹3,663. சுவர் டைல் இதில் இல்லை.

சிட்அவுட் (சொரசொரப்பான 16 அங்குலம், பெட்டிக்கு 5): 10½ × 6 = 63 சதுர அடி. வரிசைக்கு 8, ஐந்து வரிசை, 40 டைல். 8 பெட்டி கச்சிதம், ஆனால் ஒன்று உடைந்தால் பணி நிற்கும். 9 × ₹388 = ₹3,492. ஹாலில் போடும் வழுவழு டைலையே இங்கும் போடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் அக்கா. ஆனி ஆடியில் சாரல் உள்ளே அடிக்கும், அம்மா வேறு அங்கேதான் உட்காருவார்கள்.

டைல், மொத்தம் 69 பெட்டி: ₹52,353
மார்த்தாண்டத்திலிருந்து வண்டி வாடகை: ₹1,500
இறக்குகூலி, பெட்டிக்கு ₹15: ₹1,035
கிரவுட், ஸ்பேசர்: ₹800
பதிக்கும் கூலி, 770 சதுர அடி × ₹35: ₹26,950
ஸ்கர்டிங் கூலி, 175 அடி × ₹20: ₹3,500
மொத்தம்: ₹86,138

டைல் விலை ஜிஎஸ்டி சேர்த்துக் கடையில் சொன்னது. சிமெண்டும் எம்-சாண்டும் நீங்கள் இறக்கித் தருவதாகச் சொன்னதால் சேர்க்கவில்லை. சிட்அவுட் படிக்கு கிரானைட், அது தனி.

பணம் கட்டும்போது 44 பெட்டியும் ஒரே பேட்ச் நம்பரா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுப்பார்களா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். சரக்கு வரும் அன்று காலையில் எனக்கு ஒரு போன் போடுங்கள், நான் நின்று எண்ணி இறக்குகிறேன். பெட்டிகளைப் படுக்க வைத்து அடுக்கினால் அடியில் உள்ளது கீறிவிடும்.