‘கல்லும் இரும்பும்’: புதிதாகப் பதிவு செய்தவர்களுக்கு ஐந்து மெயில்கள்

மெயில் 1: பதிவு செய்தவுடன்

தலைப்பு: 10% தள்ளுபடி உள்ளே இருக்கிறது
முன்னோட்ட வரி: அவசரப்பட்டு வாங்க வேண்டாம், 14 நாள் செல்லும்.

வணக்கம்,

பதிவு செய்ததற்கு நன்றி. நாங்கள் டெல்லி மயூர் விஹார் ஃபேஸ் 1-லிருந்து கல்சட்டியும் வார்ப்பிரும்புத் தோசைக்கல்லும் விற்கிறோம். கூடவே பிரிமணையும் கரண்டியும் உண்டு, வேறு எதுவும் விற்பதில்லை.

முதல் ஆர்டருக்கான கோட்:

```
KALLU10
```

பணம் கட்டும் பக்கத்தில், ‘கூப்பன்’ என்ற கட்டத்தில் இதைப் போடுங்கள். இன்றிலிருந்து 14 நாள் செல்லும். பிரிமணைக்கும் கரண்டிக்கும் செல்லாது.

அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் நான்கு மெயில் வரும். அதற்குப் பிறகு மாதம் ஒன்றுதான். ஜிமெயிலில் இது ‘Promotions’ பகுதியில் கிடந்தால் ‘Primary’-க்கு இழுத்துப் போட்டுவிடுங்கள். ஐந்தாம் நாள் மெயில் அங்கே புதைந்துபோனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் குழாய் கேஸா, சிலிண்டரா, இண்டக்‌ஷனா? இந்த மெயிலுக்கே ஒரு வார்த்தை பதில் போடுங்கள். எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று சொல்ல எங்களுக்கு அது போதும்.

கல்லும் இரும்பும்

மெயில் 2: இரண்டாம் நாள்

தலைப்பு: 12 அங்குலக் கல் உங்களுக்கு வேண்டாம்
முன்னோட்ட வரி: அடுப்பைப் பார்த்துக் கல்லை வாங்குங்கள்.

வணக்கம்,

பெரிய கல் என்றால் பெரிய தோசை என்றுதான் எல்லோரும் நினைப்போம். வீட்டு அடுப்பின் சின்ன பர்னரில் 12 அங்குலக் கல்லை வைத்தால் நடு கருகும், ஓரம் வேகாது. பெரிய பர்னர் இருந்தால் மட்டும் 12 எடுங்கள். மற்றவர்களுக்கு 10 போதும். 10 அங்குலம் ஏறக்குறைய 2 கிலோ, ஒரு கையால் தூக்கலாம். விலை ரூ.1,450.

இண்டக்‌ஷனில் வார்ப்பிரும்பு வேலை செய்யும், அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் முழு பவர் வைக்காதீர்கள். நடு மட்டும் சட்டென்று சூடாகி, ஓரம் குளிர்ந்தே இருந்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். குறைந்த பவரில் ஐந்து நிமிடம், பிறகு ஏற்றலாம்.

கல்சட்டி இண்டக்‌ஷனில் சூடாகவே ஆகாது. அது மாக்கல், காந்தம் ஒட்டாது. வீட்டில் இண்டக்‌ஷன் மட்டும்தான் என்றால் எங்களிடம் கல்சட்டி வாங்காதீர்கள்.

அளவு: இரண்டு பேருக்கு 1 லிட்டர், நான்கு பேருக்கு 2 லிட்டர். தயிர் தோய்க்கவும் வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு சின்னச் சட்டி வைத்துக்கொள்ளுங்கள். புளிக்குழம்பு வைத்த சட்டியில் தோய்த்தால் தயிரில் குழம்பு வாடை வரும்.

மெயில் 3: ஐந்தாம் நாள்

தலைப்பு: பழக்காமல் அடுப்பில் ஏற்றாதீர்கள்
முன்னோட்ட வரி: சட்டிக்கு ஒரு வாரம், கல்லுக்கு ஒரு பிற்பகல்.

வணக்கம்,

இந்த மெயிலைச் சேமித்து வையுங்கள், நீளம்.

கல்சட்டி. கடைசல் முடிந்து வரும் மாக்கல்லில் நுண்ணிய துளைகள் இருக்கும், கல் தூளும் ஒட்டியிருக்கும். முதலில் சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் கழுவி, துடைத்து, நிழலில் ஒரு நாள் உலர்த்துங்கள். 1 லிட்டர் சட்டிக்கு இரண்டு தேக்கரண்டி விளக்கெண்ணெயில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைக் குழைத்து, உள்ளும் வெளியும் அடியிலும் பூசி இரண்டு நாள் விடுங்கள். பிறகு கடலை மாவு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அடுத்த மூன்று நாள், சோறு வடித்த கஞ்சியை வெதுவெதுப்பாக ஊற்றி வைத்து, தினமும் மாற்றுங்கள். ஏழாம் நாள் அதே கஞ்சியோடு அடுப்பில், சிம்மில், அரை மணி நேரம். சட்டியின் நிறம் கறுத்துக்கொண்டே போகும், அது நல்ல அறிகுறி. குக்கரில் சோறு வைப்பவர்கள் ஒரு பிடி அரிசியைக் குழைய வேகவைத்து, அந்தத் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம்.

டெல்லி ஜனவரியில் ஒரு விஷயம் கூடுதல். சமையலறை மேடையில் இரவெல்லாம் கிடந்த சட்டி சில்லென்று இருக்கும். அதில் கொதிக்கும் கஞ்சியை ஊற்றினாலும், நேராகப் பெரிய தீயில் வைத்தாலும் கீறல் விடும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

தோசைக்கல். வெந்நீரும் பாத்திர சோப்பும் போட்டு ஒரே ஒரு முறை நன்றாகத் தேயுங்கள், துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் போக வேண்டும். உடனே அடுப்பில் வைத்து ஈரத்தை விரட்டுங்கள். அரை தேக்கரண்டி எண்ணெயைத் தடவி, பிறகு காய்ந்த பருத்தித் துணியால், தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள். மிதமான தீயில் புகை வந்து அடங்கும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள். இப்படி நான்கைந்து முறை. எல்லோரும் தவறுவது துடைப்பதில்தான். எண்ணெய் மெல்லியதாக இருந்தால் இரும்போடு இறுகிப் படலமாகும். தடிமனாக இருந்தால் பிசுபிசுவென்று நிற்கும், தோசை அதில்தான் ஒட்டும்.

கடைசியாக அரை வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்து நன்றாகத் தேயுங்கள். முதல் நாள் மெல்லிய தோசைக்கு ஆசைப்படாமல் அடையும் ஊத்தப்பமும் ஊற்றுங்கள், எண்ணெயைக் கஞ்சத்தனம் பண்ணாமல் விடுங்கள்.

மெயில் 4: ஒன்பதாம் நாள்

தலைப்பு: தோசை ஒட்டுகிறதா? சப்பாத்தி போட்டீர்களா?
முன்னோட்ட வரி: அடிக்கடி வரும் நான்கு புகார்கள்.

வணக்கம்,

தோசைக்கல்லில் சப்பாத்தி போடாதே என்று பாட்டிகள் சொல்வது சும்மா இல்லை. எண்ணெய் இல்லாமல் அதிகச் சூட்டில் காயும்போது படலம் எரிந்துவிடும், உதிர்ந்த மாவும் கருகி ஒட்டும். சப்பாத்திக்குத் தனித் தவா வைத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் இருந்துகொண்டு தவா இல்லாத வீடு ஏது!

மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வந்தால் கல் அதிகம் காய்ந்திருக்கிறது. தண்ணீர் தெளித்து, துணியால் துடைத்து ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாவை நேராக ஊற்றினாலும் ஒட்டும், அரை மணி வெளியே இருக்கட்டும்.

ஜூலை, ஆகஸ்டில் துரு பிடிக்கும். கழுவிய கல்லைச் சாய்த்து வைத்து உலரவிடாதீர்கள், அடுப்பில் காய வைத்து இரண்டு சொட்டு எண்ணெய் தடவுங்கள். ஏற்கெனவே பிடித்திருந்தால் கல் கெடவில்லை. கம்பி நார் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி பழக்கலாம்.

கல்சட்டியில் குழம்பு வற்றிப்போகிறது என்பது நான்காவது புகார். அடுப்பை அணைத்த பிறகும் அது கொதித்துக்கொண்டே இருக்கும். முக்கால் பதத்தில் அணைத்துவிடுங்கள். இறக்கினால் பிரிமணை மேல்தான், ஈரமான கிரானைட் மேடையில் வேண்டாம்.

மெயில் 5: பன்னிரண்டாம் நாள்

தலைப்பு: KALLU10 இன்னும் இரண்டு நாள்தான்
முன்னோட்ட வரி: அனுப்புவது, உடைந்தால் மாற்றுவது பற்றி.

வணக்கம்,

கோட் நாளை மறுநாள் இரவு 12 மணியோடு முடிகிறது. நீட்டிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், செய்ய மாட்டோம்.

டெல்லி, நொய்டா, குருகிராமுக்கு மூன்று நாளில் வந்துசேரும், மற்ற ஊர்களுக்கு ஏழு நாள். கல்சட்டி வந்ததும் பெட்டியைப் பிரிப்பதை போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். உடைந்திருந்தால் 48 மணி நேரத்துக்குள் அதை அனுப்புங்கள், வேறு சட்டி எங்கள் செலவில் வரும். பழக்கும்போது விரிசல் விட்டால் மாற்றித் தர முடியாது, அதற்காகத்தான் அந்த நீள மெயில்.

பெட்டியை நம்ப மனசில்லாதவர்கள் சனிக்கிழமை 10 மணியிலிருந்து 1 மணிக்குள் நேரில் வந்து, தட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். மயூர் விஹார்-1 மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரம். முதல் நாளே பதில் போட்டுச் சொன்னால் வழி அனுப்புகிறோம்.

கல்லும் இரும்பும்

மெயில் வேண்டாம் என்றால் ‘விலகு’ என்று பதில் அனுப்புங்கள். அன்றே பெயரை எடுத்துவிடுவோம்.