திருத்தம்: ‘காவிரியின் மேல்மடை அணைகள்’ கட்டுரை, அட்டவணை 2

மார்ச் இதழில் வெளியான என் கட்டுரையின் இரண்டாம் அட்டவணையில் இரண்டு எண்கள் இடம் மாறிவிட்டன. கிருஷ்ணராஜ சாகருக்கு எதிரே 1,050.6 மில்லியன் கன மீட்டர் என்றும், ஹேமாவதிக்கு எதிரே 1,400.3 என்றும் இருந்தது. இரண்டையும் மாற்றிப் படிக்க வேண்டும். சரியான அட்டவணை இது:

| அணை | டி.எம்.சி. | மில்லியன் கன மீட்டர் |
|---|---|---|
| ஹாரங்கி | 8.50 | 240.7 |
| கிருஷ்ணராஜ சாகர் | 49.45 | 1,400.3 |
| ஹேமாவதி | 37.10 | 1,050.6 |
| கபினி | 19.52 | 552.7 |
| மொத்தம் | 114.57 | 3,244.3 |

தவறு என்னுடையது; அச்சகத்துக்கோ ஆசிரியர் குழுவுக்கோ இதில் பங்கில்லை. முதல் வரைவில் ஹேமாவதி மேலேயும் கிருஷ்ணராஜ சாகர் கீழேயும் இருந்தன. கடைசி நேரத்தில் வரிசையை மாற்றியபோது பெயரையும் டி.எம்.சி. எண்ணையும் மட்டும் நகர்த்தினேன், மூன்றாவது பத்தி இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மெய்ப்பு பார்க்கும்போது மொத்தத்தைக் கூட்டிச் சரிபார்த்தேன், சரியாக வந்தது. வராமல் எப்படி இருக்கும்? இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாதே. ஒரு டி.எம்.சி. என்பது 28.317 மில்லியன் கன மீட்டர் என்று ஒரே ஒரு வரியைப் பெருக்கிப் பார்த்திருந்தாலும் பிடிபட்டிருக்கும். அதைச் செய்தவர் ஒரு வாசகர், பள்ளி ஆசிரியர். “49.45-ஐ எப்படிப் பெருக்கினாலும் 1,050 வரவில்லையே” என்று எழுதியிருந்தார். அவருக்கு நன்றி.

இந்தத் தவறு கட்டுரையில் இன்னும் ஒரே ஒரு இடத்துக்குப் பரவியிருக்கிறது. “நான்கு அணைகளின் கொள்ளளவில் ஹேமாவதியின் பங்கு 43 சதவீதம்” என்று அட்டவணைக்குக் கீழே எழுதியிருந்தேன். அந்த 43 கிருஷ்ணராஜ சாகருடையது. ஹேமாவதியின் பங்கு 32 சதவீதம். அந்த வாக்கியத்தையும் திருத்தியாகிவிட்டது.

டி.எம்.சி. பத்தி, இரண்டு மொத்தங்கள், ஹாரங்கி, கபினி வரிகள் எதுவும் மாறவில்லை. படம் 1-இல் உள்ள கட்டை வரைபடம் டி.எம்.சி. எண்களை வைத்தே வரையப்பட்டது, எனவே அதுவும் அப்படியே இருக்கிறது. மேட்டூரின் 93.47 டி.எம்.சி. கொள்ளளவோடு இந்த நான்கின் மொத்தத்தை ஒப்பிட்ட பகுதி தனி அணைகளின் எண்ணைத் தொடவே இல்லை. அங்கே வந்த முடிவுகளிலும் மாற்றமில்லை.

இணையத்தில் உள்ள பி.டி.எஃப். கோப்பு மாற்றப்பட்டுவிட்டது, முதல் பக்கத்தின் அடியில் ‘திருத்திய வடிவம்’ என்று இருக்கும். அச்சுப் பிரதி வைத்திருப்பவர்கள் பேனாவால் அந்த இரண்டு எண்களையும், 43 என்பதை 32 என்றும் மாற்றிக்கொண்டால் போதும். கட்டுரையிலிருந்து ஹேமாவதி, கிருஷ்ணராஜ சாகர் எண்களை ஏற்கெனவே எடுத்தாண்டவர்கள், டி.எம்.சி. கணக்கில் எடுத்திருந்தால் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

— கட்டுரையாளர்