கடை பூட்டுமுன் ஆறு எண்ணிக்கை

ஹட்டன் கடை | தினமும் இரவு 7.30 | இருவர் | 20 நிமிடம்

கடையில் உள்ள எல்லாச் சாமானையும் தினமும் எண்ண முடியாது, தேவையும் இல்லை. முழுச் சரக்கை மாதக் கடைசி ஞாயிறு எடுக்கிறோம். கீழே உள்ள ஆறும் விலை கூடியவை, கைக்கடக்கமானவை, அல்லது பிரித்து விற்பவை. கடையில் எது பிழைத்தாலும் அது முதலில் இந்த ஆறில்தான் தெரியும். அன்றிரவே தெரிந்தால் யார், எப்போது, எந்த பில் என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மாதக் கடைசியில் தெரிந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுதான் மிச்சம்.

எண்ணத் தொடங்குமுன்

☐ ஷட்டரைப் பாதி இறக்குங்கள். எண்ணும்போது விற்பனை இல்லை. அவசரமாக யாராவது வந்தால் கொடுங்கள், ஆனால் அந்தச் சாமானை முதலிலிருந்து எண்ணுங்கள்.

☐ கடன் கொப்பியைத் திறந்து பாருங்கள். கொப்பியில் எழுதிய ஒவ்வொன்றுக்கும் பில் போட்டாயிற்றா? சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் பாதி விற்பனை கடன்தான். கொப்பியில் இருந்தும் பில்லில் இல்லாவிட்டால் சரக்கு குறைந்த மாதிரித் தெரியும். குறைவு என்று பதறுகிற பல இரவுகளில் விஷயம் இவ்வளவுதான்.

☐ வீட்டுக்கு எடுத்தது, கடைத் தேநீருக்குப் பிரித்த சீனி, பால்மா: எல்லாம் ‘எடுத்தது’ பக்கத்தில் ஏறியிருக்க வேண்டும். முதலாளி எடுத்தாலும் எழுத வேண்டும்.

☐ இன்று லொறியில் வந்த சாமானின் சிட்டைகள் எல்லாம் ஏற்றப்பட்டனவா?

☐ ஒருவர் எண்ண வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். முதல் எண்ணிக்கையில், அன்று கவுண்டரில் நின்றவர் எழுதலாம், எண்ணக் கூடாது. எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கணக்கை எண்ணி முடிக்கும்வரை எண்ணுபவருக்குக் காட்டாதீர்கள். 34 என்று தெரிந்துகொண்டு எண்ணுகிற கை 34இல்தான் நிற்கும்.

கணக்கு: காலை இருப்பு + வந்தது − விற்றது − எடுத்தது − கழிவு = இருக்க வேண்டியது

---

1. சிகரெட்: ஒரு குச்சிகூட வித்தியாசம் வரக் கூடாது

பெட்டியாக அல்ல, குச்சியாக எழுதுங்கள். நம் கடைக்கு வருவது 20 குச்சிப் பெட்டி. ஒவ்வொரு வகைக்கும் தனி வரி. பிரித்த பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி எண்ணுங்கள், மேலால் பார்த்து மதிக்க வேண்டாம்.

மாதிரி:
காலை 6 பெட்டி 13 குச்சி = 133
வந்தது 10 பெட்டி = 200
பில்லில் விற்றது = 214
இருக்க வேண்டியது 133 + 200 − 214 = 119
எண்ணியது 5 பெட்டி 17 குச்சி = 117
வித்தியாசம்: 2 குறைவு

ஒன்று, இரண்டு, மூன்று குறைந்தால் அது அனேகமாகக் காலை பஸ் நேர அவசரத்தில் பில் போடாமல் கொடுத்த ஒற்றைதான். காசு லாச்சியில் அதே அளவு கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால் பில் போட மறந்தது. கூடாவிட்டால் வேறு விஷயம், முதலாளிக்குச் சொல்ல வேண்டும். சரியாக 20 குறைந்தால் ஒற்றையைத் தேடாதீர்கள், ஒரு முழுப் பெட்டியைத் தேடுங்கள்.

2. பால்மா: 400 கிராமும் 1 கிலோவும் தனித்தனியாக

பக்கெட்டைத் தொட்டு எண்ணுங்கள். முன்வரிசை நிரம்பி, பின்னால் வெற்றிடமாக இருக்கும் தட்டுத்தான் ஏமாற்றும். கையைப் பின்சுவர்வரை விடுங்கள். ஸ்டோரில் உள்ள பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். ஒட்டுப் பட்டி பிரிந்திருந்தால் அது முழுப் பெட்டி அல்ல, உள்ளே உள்ளதை எண்ண வேண்டும்.

400 கிராமில் 1 குறைவு, 1 கிலோவில் 1 கூடுதல் என்று வந்தால் பில்லில் மாற்றி அடித்திருக்கிறார்கள். சரக்கு சரி, காசுதான் பிழை: பெரிய பக்கெட்டின் விலையை வாங்கிக்கொண்டு சின்னதைக் கொடுத்திருக்கிறோம். ஆளைத் தெரிந்தால் மறுநாளே மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

3. கேஸ் சிலிண்டர்: நிறைந்தது + வெற்று + வெளியே = மாறாத தொகை

எண்ண ஆகச் சுலபமானது இதுதான், விட்டுவிட்டால் நட்டம் பெரியதும் இதுதான். 12.5 கிலோவில் நமக்கு மொத்தம் 24 சிலிண்டர். எத்தனை விற்றாலும் இந்த 24 மாறக் கூடாது. நிறைந்தது 9, வெற்று 13, வெற்றுச் சிலிண்டர் தராமல் முற்பணம் கட்டிக் கொண்டுபோனது 2 என்றால் 24, சரி. வெளியே உள்ள ஒவ்வொன்றுக்கும் சிட்டை கையில் இருக்க வேண்டும். சிட்டை இல்லாதது வெளியே இல்லை, காணாமல் போனது.

☐ நீலமும் மஞ்சளும் தனித்தனியாக எண்ணுங்கள். மொத்தம் 24 வந்தும் நீலத்தில் ஒன்று குறைந்து மஞ்சளில் ஒன்று கூடினால், யாரோ மற்றக் கம்பனி வெற்றைத் தந்திருக்கிறார்கள். அடுத்த லொறி அதை எடுக்காது.
☐ நிறைந்ததை சீலைப் பார்த்து எண்ணுங்கள். சீல் இல்லாவிட்டால் எடை போடுங்கள். வெற்று எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும்.
☐ சிலிண்டர் கூட்டுக்குள் டோர்ச் மட்டும். கரண்ட் போனாலும் மெழுகுவர்த்தியோ நெருப்புக்குச்சியோ வேண்டாம்.

5 கிலோவுக்கும் இதே மாதிரி, தனி வரியில்.

4. ரீலோட் மிச்சம்: சதம்வரை

போனில் உள்ள மிச்சத்தைப் பார்த்து எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம். காலை மிச்சம் + இன்று வாங்கியது − அனுப்பியது. கமிஷன் விழுந்திருந்தால் தனிவரியில் எழுதுங்கள். கமிஷனை விற்பனையோடு கலந்தால் குறைவு அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு கம்பனிக்கும் தனி எண்ணிக்கை.

மிச்சம் குறைந்து காசும் வராவிட்டால், அனுப்பிய குறுஞ்செய்திகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே தொகை இரண்டு முறை போயிருக்கும், அல்லது காசு பிறகு தருகிறேன் என்றவருக்குப் போயிருக்கும். பிழையான எண்ணுக்குப் போயிருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அன்றிரவே கம்பனிக்கு அழைத்துச் சொல்லுங்கள்.

5. திறந்த மூட்டை: தினம் ஒன்று மட்டும்

திங்கள், வியாழன் சீனி. செவ்வாய், வெள்ளி பருப்பு. புதன், சனி கோதுமை மா. ஞாயிறு உருளைக்கிழங்கும் வெங்காயமும். அன்றைய முறை எதுவோ, அதில் பிரித்த மூட்டையை மட்டும் நிறுக்க வேண்டும்.

☐ முதலில் தராசில் ஒன்றும் வைக்காமல் 0 காட்டுகிறதா பாருங்கள். பிறகு 1 கிலோப் படிக்கல். இரண்டும் சரியானால்தான் மூட்டை.
☐ மூட்டை எடையிலிருந்து வெறும் சாக்கின் எடையைக் கழியுங்கள்.
☐ கட்டிய பக்கெட்டில் ஐந்தை எடுத்து ஒவ்வொன்றாக நிறுங்கள்.

மாதிரி: 50 கிலோ சீனி மூட்டை. கட்டியது 500 கிராம் பக்கெட் 62 = 31 கிலோ. மூட்டையில் மிச்சம் சாக்கோடு 18.4, சாக்கு 0.1, ஆகவே 18.3 கிலோ. மொத்தம் 49.3. குறைவு 700 கிராம். ஐந்து பக்கெட்டை நிறுத்தால் ஒவ்வொன்றும் 510 காட்டுகிறது. 62 × 10 = 620 கிராம் அங்கேயே போய்விட்டது. மிச்சம் 80 கிராம் சிந்தியது. யாரும் எடுக்கவில்லை, கை தாராளமாக விழுந்திருக்கிறது. மறுநாள் பக்கெட் கட்டுபவருக்குச் சொன்னால் போதும்.

ஒரு மூட்டைக்கு 250 கிராம்வரை குறையலாம். அதற்கு மேல் என்றால் காரணம் எழுத வேண்டும்.

மழைக்காலத்தில் கவனம்: மே முதல் செப்டெம்பர்வரை இங்கே மூடுபனியும் தூறலும் விடாது. சீனியும் உப்பும் ஈரத்தை இழுத்து எடை கூடும். அந்த மாதங்களில் எடை சரியாக வந்தாலும், சீனி கட்டிபிடித்திருந்தால் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். ஈரம் கூட்டிய எடை, போன சீனியை மறைத்துவிடும். மூட்டைகள் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். மா மூட்டையின் பின்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரமா, எலி கடித்த ஓட்டையா என்று கைக்குத் தெரியும்.

கிழங்கும் வெங்காயமும் வேறு மாதிரி: அவை காய்ந்தே எடை குறையும். அழுகியதைத் தனியாக நிறுத்துக் ‘கழிவு’ என்று எழுதியபின்தான் குப்பைக்கு. எழுதாமல் எறிந்தால் அதுவும் திருட்டுக் கணக்கில்தான் விழும்.

6. இன்று கெடுவது: பாண், முட்டை, யோகட்

பாண் எத்தனை வந்தது, எத்தனை மிச்சம்? இன்றிரவே எண்ணுங்கள். காலையில் பேக்கரி வான் மிச்சப் பாணை எடுத்துக்கொண்டு போனபின் எண்ண ஒன்றும் இருக்காது. முட்டை: தட்டு 30, உடைந்தது தனி. யோகட்: நாளை காலாவதியாகும் கப்பை முன்னால் எடுத்து வையுங்கள், திகதி முடிந்ததை வெளியே எடுத்து எழுதுங்கள்.

---

வித்தியாசம் வந்தால்

ஒருமுறை, ஒரே ஒரு முறை, ஆளை மாற்றி மறுபடி எண்ணுங்கள். இரண்டாவது எண்ணிக்கையும் பொருந்தாவிட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கணக்குக்குப் பொருந்த எண்ணை மாற்ற வேண்டாம். கையிலிருந்து காசு போட்டுச் சரிசெய்யவும் வேண்டாம். அப்படிச் செய்தால் பிழை எங்கே என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

கூடுதலும் பிழைதான். குறைந்தால் பத்துப் பேர் தேடுகிறோம், கூடினால் சந்தோஷப்பட்டு விட்டுவிடுகிறோம். 10 கூடினால் பெரும்பாலும் ஒரு லொறிச் சிட்டை ஏறவில்லை. அந்தச் சிட்டைக்கு நாளை காசு கேட்டு வருவார்கள். 1 கூடினால் ஒரே சாமானுக்கு இரண்டு முறை பில் போட்டிருக்கலாம், வாங்கியவர் கூடக் காசு கொடுத்திருப்பார்.

ஒரே சாமான் வாரத்தின் ஒரே நாளில் திரும்பத் திரும்பக் குறைந்தால், அன்று லொறி வருகிற நாளா என்று பாருங்கள். அப்படியானால் குறைவு கவுண்டரில் அல்ல, இறக்கும்போது நடந்திருக்கும். இனி அந்த நாளில் சாரதி முன்னால் எண்ணி முடித்தபின்தான் கையெழுத்து.

சிகரெட், பால்மா, சிலிண்டர், ரீலோட் நான்கில் எதில் வித்தியாசம் வந்தாலும் அன்றிரவே முதலாளிக்குப் போன். மற்றதைக் காலை 6.30க்குச் சொன்னால் போதும்.

தாளில்

பேனையால் எழுதுங்கள், பென்சில் வேண்டாம். பிழைத்தால் ஒரு கோடு போட்டு வெட்டிப் பக்கத்தில் சரியானதை எழுதி, இருவரும் சுருக்கக் கையெழுத்து வையுங்கள். வெள்ளை மை பூச வேண்டாம். இன்றிரவு எண்ணியதுதான் நாளைக் காலை இருப்பு, கணக்கில் வந்ததை எழுதாதீர்கள்.

தாள் லாச்சிக்குள் அல்ல, சுவரில் உள்ள கொக்கியில். புதிய தாள்கள் தராசுக்குக் கீழ்த் தட்டில் இருக்கின்றன.