வெளிநாட்டிலிருந்து திரும்பிவிட்டதால் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளை உள்நாட்டுக் கணக்குகளாக மாற்றித் தரக் கோரி விண்ணப்பம்

திருமங்கலம்,
14.07.2025

அனுப்புநர்
ச. முருகேசன்,
த/பெ. சங்கிலி,
கள்ளிக்குடி,
மதுரை மாவட்டம்.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
திருமங்கலம் கிளை.

பொருள்: நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டதால் எனது வெளிநாடுவாழ் இந்தியர் கணக்குகளையும் வைப்புகளையும், வைப்புகளை உடைக்காமல், உள்நாட்டில் வசிப்பவர் கணக்குகளாக மாற்றித் தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 2006 முதல் ஷார்ஜாவில் கட்டடப் பராமரிப்பு கம்பெனி ஒன்றில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தேன். கடந்த மார்ச் மாதத்தோடு வேலையை முடித்துக்கொண்டு, விசாவையும் ரத்து செய்துவிட்டு, 04.04.2025 அன்று மதுரை விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். இனி வேலைக்காக வெளிநாடு போகும் எண்ணம் இல்லை. திருமங்கலத்தில் எலக்ட்ரிகல் சாமான் கடை வைக்க இடம் பிடித்து அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, அதாவது ஃபெமாவின்படி, ஊரில் தொழில் செய்து தங்கும் நோக்கத்தோடு வந்த அந்த நாளிலிருந்தே நான் உள்நாட்டில் வசிப்பவன். அதனால் என் கணக்குகளின் நிலையை மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வந்ததும் செய்திருக்க வேண்டிய காரியம் இது. வந்த இரண்டாவது வாரமே அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை, கட்டில், பிசியோதெரபி என்று மதுரைக்கும் ஊருக்கும் அலைந்ததில் மூன்று மாதம் ஓடிவிட்டது. தாமதம் என்னுடையதுதான், மறைக்க எதுவும் இல்லை. அதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

தங்கள் கிளையில் என் பெயரில் ஐந்து கணக்குகள் இருக்கின்றன. 4417 என்று முடியும் என்.ஆர்.இ. சேமிப்புக் கணக்கில் 10.07.2025 நிலவரப்படி ரூ.1,86,240 இருக்கிறது. 2096 என்று முடியும் என்.ஆர்.ஓ. சேமிப்புக் கணக்கில் ஊரில் உள்ள எங்கள் பழைய வீட்டு வாடகை விழுகிறது. என்.ஆர்.இ. வைப்பு இரண்டு: 19.01.2024 அன்று மூன்று வருடத்துக்குப் போட்ட ரூ.8,00,000, அப்புறம் 12.09.2024 அன்று ஒரு வருடத்துக்குப் போட்ட ரூ.5,00,000. இவை போக, 03.03.2026 அன்று முதிரும் 10,000 டாலர் எஃப்.சி.என்.ஆர். வைப்பு ஒன்று.

இந்த விண்ணப்பத்தில் நான் முக்கியமாகக் கேட்பது அந்த இரண்டு என்.ஆர்.இ. வைப்புகளைப் பற்றித்தான். மே மாதம் என் மனைவி செல்வி கிளைக்கு வந்து விசாரித்தபோது, கவுண்டரில் இருந்தவர், "ஸ்டேட்டஸ் மாத்தணும்னா எஃப்டிய உடைச்சிட்டுப் புதுசா போடணும்மா" என்று சொல்லியிருக்கிறார். அவள் பயந்துபோய் ரசீதுகளைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். என்.ஆர்.இ. வைப்பை ஒரு வருடம் முடியும் முன்னால் எடுத்தால் வட்டியே கிடையாது. ஐந்து லட்சத்துக்குப் பத்து மாதம் ஓடிவிட்டது. 7.10 சதவீதத்தில் முழு வருடத்துக்கு வரவேண்டிய ரூ.36,400 சொச்சமும் இரண்டு மாத அவசரத்தில் இல்லாமல் போகும். வெயிலில் ஏணி மேல் நின்று சம்பாதித்த பணம் ஐயா. அதை அப்படி இழக்க எனக்கு மனம் வரவில்லை.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, திரும்பி வந்தவரின் என்.ஆர்.இ. வைப்பை உள்நாட்டு ரூபாய் வைப்பு என்று பெயர் மாற்றினால் போதும். முதலில் ஒப்புக்கொண்ட வட்டி முதிர்வு நாள் வரை தொடரும். ஆகவே இரண்டு வைப்புகளையும் முன்கூட்டியே முடித்ததாகக் காட்டாமல், தொகை, வட்டி விகிதம், முதிர்வுத் தேதி எதுவும் மாறாமல், அபராதம் இல்லாமல் நிலையை மட்டும் மாற்றித் தர வேண்டுகிறேன். 12.09.2025 அன்று முதிரும் வைப்பு தானாகப் புதுப்பிக்கப்படும் ஏற்பாட்டில் இருக்கிறது. அதற்குள் மாற்றம் நடக்கவில்லை என்றால் அது மறுபடியும் என்.ஆர்.இ. வைப்பாகவே புதுப்பிக்கப்பட்டுவிடும். உள்நாட்டில் வசிக்கிற நான் அப்படிப் புதுப்பித்துக்கொள்வது சரியில்லை. அதனால் அந்தத் தேதிக்கு முன் முடித்துத் தாருங்கள். முதிர்ந்த பிறகு தொகையைச் சேமிப்புக் கணக்கில் வரவு வைத்தால் போதும். கடைக்குச் சரக்கு எடுக்க அந்தப் பணம் வேண்டும்.

டாலர் வைப்பையும் இப்போது தொட வேண்டாம். அதே வட்டியில் முதிர்வு வரை ஓடட்டும். மகன் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறான், மேற்படிப்புக்கு வெளியே போகும் யோசனை இருக்கிறது. எனவே மார்ச்சில் முதிரும்போது அதை ரூபாயாக மாற்றாமல், என் பெயரில் ஆர்.எஃப்.சி. கணக்கு தொடங்கி அதில் டாலராகவே வைக்க விரும்புகிறேன். அதற்கான படிவம் தனியாக இருந்தால் கொடுங்கள், நிரப்பித் தருகிறேன்.

இரண்டு சேமிப்புக் கணக்குகளில் என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுச் சேமிப்புக் கணக்காக மாற்றிவிட்டு, என்.ஆர்.ஓ. கணக்கில் உள்ள தொகையை அதில் சேர்த்து, என்.ஆர்.ஓ. கணக்கை முடித்துவிடலாம். வீட்டுக் கடன் தவணை 4417 கணக்கிலிருந்துதான் மாதம் 5ஆம் தேதி கழிகிறது. கணக்கு எண் மாறுவதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். ஒரு தவணைகூட இதுவரை தவறியதில்லை, இந்த மாற்றத்தால் தவறிவிடக் கூடாது.

இனி பாஸ்போர்ட் ஆதாரம். இதில் கொஞ்சம் விளக்கம் தேவைப்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

கணக்கு தொடங்கியது 2013இல். அப்போது கொடுத்தது பழைய பாஸ்போர்ட். அது 2022இல் காலாவதியாகி, துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் புதியது வாங்கினேன். அதனால் உங்கள் பதிவேட்டில் உள்ள எண்ணும் இப்போது நான் தரும் பாஸ்போர்ட் எண்ணும் ஒத்துப்போகாது. புதிய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய பாஸ்போர்ட் எண் அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தின் நகலை மேலாக வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே ஆளுடையவை என்பதற்கு அதுவே சான்று.

பழைய பாஸ்போர்ட்டில் அமீரக விசா ஸ்டிக்கர்கள் வரிசையாக இருக்கும். புதியதில் ஒன்றுகூட இருக்காது. விசாவைப் பாஸ்போர்ட்டில் ஒட்டும் வழக்கத்தை அமீரகம் 2022இல் நிறுத்திவிட்டு, எமிரேட்ஸ் ஐடி அட்டையையே ஆதாரமாக ஆக்கிவிட்டது. "விசாப் பக்கம் எங்கே?" என்ற கேள்வி வரும் என்பதற்காகவே, கம்பெனி எடுத்துக் கொடுத்த விசா ரத்துச் சான்றின் நகலை இணைத்திருக்கிறேன். அரபியும் ஆங்கிலமும் கலந்து இருக்கும். ரத்தான தேதி 27.03.2025 என்பதை ஆங்கில வரியில் பார்க்கலாம்.

துபாயில் ஸ்மார்ட் கேட் வழியாக வெளியே வந்ததால் அங்கே புறப்பாட்டு முத்திரை விழவில்லை. ஆனால் மதுரையில் குடியேற்ற அதிகாரி போட்ட வருகை முத்திரை 9ஆம் பக்கத்தில் இருக்கிறது. மை மங்கலாக விழுந்திருக்கிறது. முதல் நகலில் தேதியில் உள்ள 4 வெறும் புள்ளியாகத் தெரிந்ததால், ஜெராக்ஸ் கடையில் அழுத்தம் கூட்டி இன்னொரு முறை எடுத்தேன். இரண்டையும் வைத்திருக்கிறேன். அதே பக்கத்தில் 2023 நவம்பரிலும் 2024 ஜூனிலும் விடுமுறைக்கு வந்துபோன முத்திரைகளும் உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் வருகையும் புறப்பாடும் ஜோடியாக இருக்கும். 04.04.2025 வருகைக்குப் பிறகு புறப்பாடு முத்திரை எதுவும் இல்லை. அதைக் காட்டவே மிச்சமுள்ள வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து நகலெடுத்திருக்கிறேன். அன்றைய போர்டிங் பாஸும் இருக்கிறது.

எல்லா நகலிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு பாஸ்போர்ட்டின் அசலையும் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். நேரில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அசலை அப்போதே திருப்பித் தர வேண்டுகிறேன். இவற்றோடு பான் அட்டை, ஆதார், கடை வாடகை ஒப்பந்தம், புதிய கே.ஓய்.சி. படிவம், இரண்டு புகைப்படம், மீதமிருந்த என்.ஆர்.இ. காசோலைகள் ஏழு ஆகியவையும் இணைப்பில் உள்ளன.

உங்கள் பதிவேட்டில் இருப்பது என் அமீரக மொபைல் எண். அந்த சிம் இப்போது வேலை செய்யவில்லை. ஓடிபி வராததால் ஏப்ரலிலிருந்து நெட்பேங்கிங்கில் நுழைய முடியவில்லை. கே.ஓய்.சி. படிவத்தில் எழுதியுள்ள இந்திய எண்ணை முதல் வேலையாகப் பதிவு செய்துகொடுத்தால் பெரிய உதவி.

எட்டு லட்சம் வைப்பில் செல்வி கூட்டுதாரர். நான் வெளிநாட்டில் இருந்ததால் முதலாமவர் அல்லது உயிரோடிருப்பவர் என்ற முறையில் இருக்கிறது. இனி இருவரில் எவரும் அல்லது உயிரோடிருப்பவர் என்று மாற்றித் தாருங்கள். அதற்கு அவளும் இதில் கையெழுத்திட்டிருக்கிறாள். நாமினி நியமனங்கள் அப்படியே இருக்கட்டும்.

வரி விஷயத்தில், நான் திரும்பிய நாளிலிருந்து என்.ஆர்.இ. வட்டிக்கு விலக்கு கிடையாது என்பது எனக்குத் தெரியும். உள்நாட்டில் வசிப்பவருக்கு உரிய முறையில் பான் எண்ணின் பேரில் டி.டி.எஸ். பிடித்துக்கொள்ளுங்கள். அதேபோல என்.ஆர்.ஓ. வட்டிக்கு வெளிநாடுவாழ் இந்தியருக்கான 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிப்பதை நிறுத்த வேண்டும். ஆடிட்டருக்குக் கொடுக்க, 03.04.2025 வரையிலான வட்டிக்கு ஒன்றும் 04.04.2025 முதலான வட்டிக்கு ஒன்றுமாக இரண்டு வட்டிச் சான்றிதழ்கள் தனித்தனியாகத் தேவை.

மாற்றிய பிறகு இந்தப் பணத்தை முன்புபோல வெளிநாட்டுக்குத் தடையின்றித் திருப்பி அனுப்ப முடியாது, உள்நாட்டில் வசிப்பவருக்கான வரம்புக்கு உட்பட்டே அனுப்பலாம் என்பதை அறிந்தே கேட்கிறேன். மேலே சொன்னவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன். மீண்டும் வேலைக்காக வெளிநாடு போக நேர்ந்தால் உடனே எழுத்து மூலம் தெரிவிப்பேன்.

விண்ணப்பத்தின் இரண்டாம் படியில் தேதியோடு முத்திரை வைத்துத் தாருங்கள். நிலை மாறியதும், பழைய வட்டியும் முதிர்வுத் தேதியும் குறித்த புதிய வைப்பு ரசீதுகளை நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். ஏதேனும் தாள் குறைந்தால் போன் செய்யுங்கள், அன்றைக்கே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. முருகேசன்

கூட்டுதாரர்: மு. செல்வி