போகட்டும், விடு

அன்புள்ள எனக்கு,

அவன் உன்னைக் கைவிட்டான் என்றுகூடச் சொல்ல முடியாது. காதலிப்பதாக ஒருநாளும் சொன்னதில்லையே. அதனால்தான் இந்த அழுகையை அம்மாவிடம்கூடச் சொல்ல வழியில்லை.

ஆனாலும் அது பொய்யில்லை. பதுளை ரயிலில், கொட்டகலை தாண்டி சென் கிளேயர் அருவி தெரியும்போது, ஜன்னலோர இடத்தை உனக்குத் தந்துவிட்டு, உன் பிளேன்டீ சிந்தாமல் கப்பின் மேல் கையைப் பொத்திக்கொண்டு நின்றானே, அந்த அன்பு உண்மைதான். கூட்டாளிகள் கேட்டபோது "சும்மா, தெரிஞ்ச பிள்ளை" என்றானே, அதுவும் உண்மைதான்.

நீ ஆசைப்பட்டதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் இனி ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் வந்த பஸ்ஸை அவனுக்காக விடாதே. ராத்திரியில் அவன் ஆன்லைனில் இருக்கிறானா என்று பார்க்காதே. நம்பரை இன்றைக்கே அழி. தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினாலும் பதில் போடாதே.

அன்புடன்,
நான்