பொருள்: மார்ச் 6-க்குப் பிறகு என் பணி, நிரந்தரமாக்க வாய்ப்பு உண்டா என்பது குறித்து

பெறுநர்: மேலாளர், மனிதவளப் பிரிவு
நகல்: தலைவர், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு
நாள்: 19 ஜனவரி 2026

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். ஒரகடம் ஆலையின் சி.எம்.எம். அறையில் அளவீட்டு டெக்னீசியனாக வேலை பார்க்கிறேன். என் இப்போதைய ஒப்பந்தம் மார்ச் 6-ஆம் தேதி முடிகிறது. பொங்கலுக்கு முன்பு கேன்டீனில் உங்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்" என்றீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

கேள்வி ஒன்றுதான். நான் பார்க்கும் வேலை கம்பெனி ரோலுக்கு மாற வாய்ப்பு இருக்கிறதா? இருந்தால் என்னென்ன நிபந்தனைகள்?

2023 ஜூன் 1-ஆம் தேதி சேர்ந்தேன். பதினோரு மாத ஒப்பந்தம் இதுவரை மூன்று. இரண்டு முறை ரினியூ ஆனபோதும் இடையில் மூன்று நாள் இடைவெளி விட்டுத்தான் புதிய ஆர்டர் வந்தது. அந்த மூன்று நாளிலும் லைனிலிருந்து போன் செய்து காலிபரேஷன் ஸ்டிக்கர் எங்கே என்று கேட்டார்கள் என்பது தனிக் கதை.

நான் இருப்பது தற்காலிகத் தேவைக்கான இடமாகத் தெரியவில்லை. நவம்பரில் ஐ.ஏ.டி.எஃப். 16949 ஆடிட் நடந்தபோது, கேஜ் காலிபரேஷனுக்குப் பொறுப்பு யார் என்று ஆடிட்டர் கேட்டார். ஸ்கில் மேட்ரிக்ஸில் இருந்தது என் பெயர். செப்டம்பரில் ஒரு பிராக்கெட்டின் துளை 0.06 மி.மீ. தள்ளியிருப்பதை முதலில் பார்த்ததும் நான்தான். புரோபைத் துடைத்துவிட்டு இரண்டாவது முறை அளந்தேன், அதே அளவுதான் வந்தது. ஃபிக்சரில் லொகேட்டிங் பின் தேய்ந்திருந்தது. ஷிப்ட் இன்சார்ஜிடம் சொல்லி லைனை நிறுத்தி, 340 துண்டுகளைத் தனியே எடுத்து வைத்தோம். அந்த ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. ரோலுக்கு எடுக்கத் திறமையைப் பார்ப்பீர்கள் என்றால், பார்ப்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கட்டும் என்றுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளருக்கு நிரந்தரத் தகுதி தரும் 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் பற்றி எனக்குத் தெரியும். சம்பளச் சீட்டுகளை வைத்து நானே கூட்டிப் பார்த்தேன். 2024 ஜனவரி முதல் 2025 டிசம்பர் வரை 572 நாட்கள் வருகிறது. இதைச் சண்டைக்கு எடுத்துக்கொண்டு வரவில்லை. என் விஷயத்தில் அந்த மூன்று நாள் இடைவெளிகளைக் கம்பெனி எப்படிக் கணக்கில் எடுக்கிறது என்று தெரிந்தால் போதும்.

மாற வாய்ப்பு உண்டு என்றால், கீழே உள்ளவற்றுக்கும் எழுத்தில் பதில் தந்தால் உதவியாக இருக்கும்.

தேர்வோ நேர்காணலோ உண்டா, அல்லது துறைத் தலைவரின் பரிந்துரை போதுமா? டிப்ளமோ முடித்தவர்களுக்கு எந்த கிரேடு? மறுபடியும் ஆறு மாதம் புரொபேஷன் வருமா? எனக்கு முக்கியமானது சீனியாரிட்டி. இதுவரை செய்த சர்வீஸ் சேருமா, கிராஜுவிட்டிக்கு 2023 ஜூனிலிருந்து கணக்கு வருமா, இல்லை புதிய ஆளாகத்தான் சேர வேண்டுமா? பி.எஃப். முதல் மாதத்திலிருந்தே பிடிக்கிறார்கள், யு.ஏ.என். எண்ணும் ஒன்றுதான், அதில் சிக்கல் இருக்காது என நினைக்கிறேன். வேறு ஆலைக்கு மாற்றல் ஒரு நிபந்தனை என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அம்மா என்னோடு இருக்கிறார், வாலாஜாபாத்தை விட்டு உடனே கிளம்புவது கஷ்டம். ஷிப்ட் மாற்றத்துக்குத் தயார்.

இந்த ஆண்டு ஆள் எடுக்க அனுமதி இல்லை என்றால் அதையும் நேராகச் சொல்லலாம், வருத்தப்பட மாட்டேன். அப்படியானால் அடுத்த ஒப்பந்தமாவது இடைவெளி இல்லாமல் வருமா, எப்போது மறுபடி கேட்கலாம் என்பது தெரிந்தால் சரி.

பிப்ரவரி 10-க்குள் பதில் தந்தால் நல்லது, அதற்குக் காரணம் இருக்கிறது. ஓசூரில் ஓர் ஆலையில் நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், 12-ஆம் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதை வைத்துப் பேரம் பேசவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊர் மாறுவதைவிட இங்கேயே இருப்பதுதான் என் விருப்பம். ஆனால் வீட்டுக் கடனுக்குப் போன இடத்தில் பதினோரு மாத ஆர்டரைப் பார்த்துவிட்டு மேனேஜர் ஃபைலை மூடிவிட்டார். அதற்கு மேல் என்னாலும் தள்ளிப்போட முடியாது.

இந்த வாரம் எனக்கு முதல் ஷிப்ட். மதியம் மூன்று மணிக்கு மேல் எந்த நாள் கூப்பிட்டாலும் நேரில் வருகிறேன்.

இணைப்பு: மூன்று ஒப்பந்த ஆர்டர்களின் நகல், 24 மாதச் சம்பளச் சீட்டுகள், செப்டம்பர் அளவீட்டு ரிப்போர்ட்.

இப்படிக்கு,
ச. கலைவாணி
அளவீட்டு டெக்னீசியன், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு