சங்கீதாவோட நாலாவது சாப்டர் விஷயமா

சார், வணக்கம்.

நேத்து போன்ல பேசினதையே எழுத்துல குடுங்கன்னு சொன்னீங்க, அதான் இது. கமிட்டி ஃபைல்ல இப்படியே வச்சுக்கலாம், ஆபீஸ் தமிழ்ல திருப்பி எழுதித் தரணும்னாலும் தர்றேன்.

என்கிட்ட பிஎச்டி பண்ற சங்கீதாவோட தீசிஸ்ல சிமிலாரிட்டி மொத்தம் 27% வந்திருக்கு. 10%க்கு மேல, 40%க்குள்ள, அதனால யூஜிசி 2018 ரெகுலேஷன்படி லெவல் ஒன், ஆறு மாசத்துக்குள்ள திருத்தித் தரணும்னு உங்க லெட்டர் வந்துச்சு. ஆனா ரிப்போர்ட்ல சோர்ஸ் லிஸ்ட்டைப் பாருங்க, முதல் வரியே 19%, அது 2023ல வந்த சங்கீதாவோட சொந்த பேப்பர். அதைக் கழிச்சா மிச்சம் 8% தான். நாலாவது சாப்டர் முழுக்க சிவப்பா தெரியறதுக்கு அது ஒண்ணுதான் காரணம்.

அந்த பேப்பர் எங்கிருந்து வந்துச்சு? இந்த சாப்டர்லேர்ந்துதான். 2019ல ரிஜிஸ்டர் பண்ண பொண்ணு, அப்போ நடைமுறைல இருந்த 2016 ரெகுலேஷன்படி தீசிஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பராவது ஜர்னல்ல வந்திருக்கணும். நாமளே போடுன்னு சொல்லி, போட்டதுக்கப்புறம் நாமளே ஏன் ஒத்துப்போகுதுன்னு கேட்டா என்ன சார் பண்றது?

வேலை என்னன்னு சுருக்கமா சொல்றேன். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் 62 போர்வெல், மழைக்கு முன்னாடி ஒரு தடவை பின்னாடி ஒரு தடவை தண்ணி எடுத்து ஃப்ளோரைடு பார்த்திருக்கா. ஃப்ளோரைடு எலக்ட்ரோடுல அளக்கும்போது டிசாப் கரைசலை சாம்பிளோட சமமா கலக்கணும், தெரிஞ்ச செறிவுள்ள கரைசல் வச்சு காலிபிரேட் பண்ணணும், பிஐஎஸ் 10500 படி ஒரு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துக்கலாம், வேற தண்ணியே இல்லாத இடத்துல 1.5 வரைக்கும் விடலாம். இதையெல்லாம் வேற மாதிரி எப்படி எழுதறது? 17ஆம் நம்பர் கிணத்துல வந்த அளவு பேப்பர்லயும் அதேதான் தீசிஸ்லயும் அதேதான், மாறியிருந்தாதான் நீங்க என்னைக் கூப்பிட்டு விசாரிக்கணும். கால்சியம் கம்மியா பைகார்பனேட் அதிகமா இருக்கற தண்ணியில ஏன் ஃப்ளோரைடு ஏறுதுங்கற விளக்கமும் அப்படித்தான், அந்த ஏரியா பாறையோட கெமிஸ்ட்ரி அது, வாக்கியத்தை மாத்தினா கெமிஸ்ட்ரி மாறாது.

அவ மாத்திப் பார்க்காம இல்ல. பயந்துபோய் தீசிஸ் டைப் பண்ற கடையில குடுத்து 'பர்சன்டேஜ் குறைச்சு' வாங்கிட்டு வந்தா, படிச்சப்போ எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியல. 1.5ஐ தாண்டின கிணறெல்லாம் 1.5ஐ எட்டாத கிணறா மாறியிருந்துச்சு. அந்த ஊர் புள்ளைங்க பல்லு மஞ்சக் கறையா இருக்கறதைப் பத்தி எழுதற தீசிஸ்ல இப்படி ஒரு வரி போனா ஷோத்கங்காவுல ஏறி யாராவது அதை எடுத்து சைட் பண்ணுவாங்க. அந்த வெர்ஷனை நான் அப்பவே தூக்கிப் போட்டுட்டேன்.

தப்பு எங்க இருக்குன்னும் சொல்லிடறேன், அது என்னோடது. முதல்ல குடுத்த காப்பியில பேப்பரை ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல மட்டும் போட்டிருந்தோம், சாப்டர் ஆரம்பத்துல எதுவும் சொல்லல. 2020ல யூஜிசி போட்ட நோட்டீஸ் தன்னோட பழைய வேலையைச் சரியா சைட் பண்ணாம எடுத்துப் போடறதைத்தான் கூடாதுங்குது, அதைப் படிச்சிருந்தும் சாப்டர் முதல் பக்கத்துல ஒரு குறிப்பு போடச் சொல்ல மறந்துட்டேன். இப்போ போட்டாச்சு, எந்த செக்‌ஷன், எந்த டேபிள், எந்தப் படம் பேப்பர்ல வந்ததுன்னு தனித்தனியா. அறிமுகத்துல ரெண்டு பாரா அப்படியே இருக்க அவசியமே இல்ல, அதை அவளே உக்காந்து புதுசா எழுதிட்டா. தீசிஸ்ல சேர்த்துக்கலாம்னு ஜர்னல்லேர்ந்து வந்த மெயிலையும் வச்சிருக்கேன்.

பேப்பர்ல ரெண்டு பேர் பேர்தான், முதல்ல அவ, அடுத்தது நான். சாம்பிள் எடுத்தது, அளந்தது, முதல் டிராஃப்ட் எழுதினது எல்லாம் அவதான், நான் திருத்தினதோட சரி. இதை வேற எந்த டிகிரிக்கும் நான் யாருக்கும் குடுக்கல, குடுக்கவும் மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

அதனால அந்த ஒரு சோர்ஸை மட்டும் எக்ஸ்க்ளூட் பண்ணி இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க, ரெண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்தே கமிட்டியில வைங்க, மறைக்க எதுவும் இல்ல. திருத்தின சாப்டர், பேப்பர், மெயில் மூணும் இதோட இணைச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமை கமிட்டிக்கு நான் வர்றேன், அவளும் வருவா, 62 கிணத்து நோட்டையும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.

இப்படிக்கு,
ராமலிங்கம்
கைடு, கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்